திண்ணையில் அம்மா எங்கே: ஒரு சினிமாஸ்கோப் காட்சியைச் செங்குத்துக் காணொளியாக்கிய நிகழ்வு ஆய்வு

சென்ற ஆண்டு ஒரு தமிழ்த் திரைப்படத்தின் காட்சியொன்றை ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் ஏற்ற செங்குத்து வடிவில் மாற்றித் தரும் வேலை எனக்கு வந்தது. காட்சியின் நீளம் 2 நிமிடம் 12 வினாடி; அதில் 27 ஷாட்டுகள் இருந்தன. வசனத்தை வெட்டக்கூடாது, நேரத்தைக் குறைக்கக்கூடாது, பின்னணி இசையை மாற்றக்கூடாது என்பவை நிபந்தனைகள். இரண்டு நாள் வேலை என்று நினைத்துத் தொடங்கினேன். மூன்று பதிப்புகள் செய்த பிறகே அது சரியாக அமைந்தது. முதல் இரண்டு பதிப்புகளில் எது தொலைந்தது, அது தொலைந்ததை எப்படிக் கண்டுகொண்டோம், மூன்றாவதில் அதை எப்படி மீட்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

காட்சி இதுதான். ஒரு கிராமத்து வீட்டின் நீண்ட திண்ணை. இடது கோடியில் அண்ணன், வலது கோடியில் தம்பி. இருவருக்கும் நடுவில், சற்றுப் பின்னால், வீட்டு வாசற்படியில் அம்மா நிற்கிறார். அண்ணன் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் திண்ணையின் வழவழப்பான தளத்தில் தம்பியை நோக்கித் தள்ளிவிடுகிறார். தம்பி சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார். பேனா தாளில் படும் அதே நொடியில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகிறார். அதைப் பார்த்துவிட்ட தம்பி, காட்சியின் முடிவில் பத்திரத்தைக் கிழிக்கிறார். அம்மாவுக்கு இந்தக் காட்சியில் வசனமே இல்லை. ஆனால் காட்சி அவரைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் பிறகு எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறந்தன. எங்களுக்குக் கிடைத்த மூலக் கோப்பு 3840×2160 அளவுள்ளது. படம் 2.39:1 விகிதத்தில் இருந்ததால், மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகளை நீக்கினால் உண்மையான படம் 3840×1608 தான். ரீல்ஸ், ஷார்ட்ஸ் காணொளியின் விகிதம் 9:16. ஆகவே 1608 பிக்சல் உயரத்தை முழுதாக வைத்துக்கொண்டு ஒரு செங்குத்துச் சாளரத்தை வெட்டினால் அதன் அகலம் சுமார் 904 பிக்சல் வரும். அதாவது ஒளிப்பதிவாளர் அமைத்த அகலத்தில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாக, 23.5 விழுக்காடு மட்டுமே மிஞ்சும். பழைய தொலைக்காட்சியின் 4:3 திரைக்காக சினிமாஸ்கோப் படங்களை வெட்டிய காலத்தில்கூடப் பாதிக்குச் சற்று மேல் தப்பியது. அந்தக் காலத்து நுட்பங்களை அப்படியே இங்கே எடுத்துவர முடியாததற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். அன்று இரண்டு முகங்களில் ஒன்றையும் மற்றதன் பாதியையும் காட்டலாம். இன்று ஒரு முகமும் அதைச் சுற்றிய கொஞ்சம் காற்றும்தான்.

வெளியிடும் காணொளியின் அளவு 1080×1920. ஆகவே 904 பிக்சலை 1080 ஆக்க 1.2 மடங்கு பெரிதாக்க வேண்டும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சிலர் ஓடிடியில் வெளிவந்த 1920×1080 கோப்பிலிருந்தே இந்த வேலையைத் தொடங்குகிறார்கள். அங்கே சாளரம் 452 பிக்சல்தான் வரும்; 2.4 மடங்கு பெரிதாக்கினால் தோலின் நுண்மை போய் முகம் மெழுகுபோல் ஆகிவிடும். வசன எழுத்துகள் பதியாத, இயன்றவரை பெரிய மூலக் கோப்பைக் கேட்டு வாங்காமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

முதல் பதிப்பை எடிட்டிங் மென்பொருளிலுள்ள தானியங்கி மறுசட்டக வசதியைக் கொண்டு செய்தேன். அது முகத்தைத் தேடிப் பின்தொடரும் கருவி. பேசுகிறவரை நன்றாகவே பிடித்தது. 27 ஷாட்டுகளில் பதினெட்டில் கை வைக்கத் தேவையில்லை. குளோசப்புகளில் மட்டும் ஒரு குறை தெரிந்தது: அது முகத்தைச் சாளரத்தின் நட்டநடுவில் வைக்கும். அண்ணன் வலப்பக்கம் பார்க்கிறார் என்றால் அவர் பார்வைக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும்; இல்லையேல் அவர் சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். எல்லா குளோசப்புகளிலும் முகத்தின் மையத்தைச் சாளர அகலத்தில் 40 விழுக்காட்டுக்கு நகர்த்தி, பார்வை போகும் பக்கம் 60 விழுக்காட்டை விட்டேன். வெறும் தொண்ணூறு பிக்சல் நகர்வு. அதிலேயே இருவரும் மறுபடி ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள்.

அதை ஒளிப்பதிவாளரிடம் கைப்பேசியில் காட்டினேன். முழுதும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“அம்மா எங்க தம்பி?”

“ரெண்டு குளோசப்ல இருக்காங்க சார்.”

“அது முகம். அவங்க திரும்புறது எங்க?”

நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 19ஆவது ஷாட், 14 வினாடி நீளமுள்ள அகன்ற ஷாட். அதில் மூவரும் இருக்கிறார்கள். கருவி பெரிய முகமான தம்பியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு 14 வினாடியும் அங்கேயே நின்றுவிட்டது. அம்மா திரும்பியது சாளரத்துக்கு வெளியே நடந்திருந்தது. படத்தைப் பத்துத் தடவை பார்த்திருந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை. திரையில் இல்லாத அம்மாவை என் நினைவு நிரப்பிக்கொண்டது. இந்த வேலையின் மிகப் பெரிய அபாயம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். வெட்டுகிறவருக்கு முழுப்படமும் தெரியும் என்பதால், வெட்டுப்பட்டது எது என்பது அவருக்குத்தான் கடைசியாகத் தெரியும்.

ஆகவே படத்தைப் பார்த்திராத ஐந்து பேரிடம் முதல் பதிப்பைக் காட்டி, என்ன நடந்தது என்று கதையாகச் சொல்லச் சொன்னோம். பிடித்திருந்ததா என்று கேட்கவில்லை. அம்மா உள்ளே போனதை ஒருவரும் சொல்லவில்லை. மூன்று பேர், பத்திரம் தம்பியிடம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். நால்வருக்குத் தம்பி அதைக் கிழித்தது கோபத்தால் என்று பட்டது. படத்தில் அது வெட்கத்தால்.

அதன் பிறகு 27 ஷாட்டுகளுக்கும் ஒரு பட்டியல் எழுதினேன். யார் இருக்கிறார்கள் என்பதை எழுதவில்லை. இந்த ஷாட்டில் எதைப் பார்க்காமல் போனால் அடுத்து வரும் ஷாட் புரியாது என்பதை மட்டும், அது நிகழும் நேரத்தோடு எழுதினேன். பெரும்பாலான ஷாட்டுகளுக்கு விடை “பேசுகிறவர் முகம்” என்றே வந்தது. நான்கு ஷாட்டுகளுக்கு மட்டும் விடை முகமாக இல்லை: திண்ணையின் நீளத்தைக் காட்டும் முதல் ஷாட், பத்திரம் நகரும் 12ஆவது, கையெழுத்து நிகழும் 19ஆவது, கடைசி ஷாட். உழைப்பு முழுவதும் இந்த நான்கிலேயே போனது.

முதல் ஷாட்டில் தெரிய வேண்டியது தூரம். அண்ணனும் தம்பியும் எவ்வளவு விலகி உட்கார்ந்திருக்கிறார்கள், வாசல் இருவருக்கும் நடுவில் இருக்கிறது என்பவை ஒருமுறை கண்ணில் பட்டால் போதும். பிறகு இடது முகம், வலது முகம் என்று வெட்டினாலும் பார்ப்பவர் மனத்தில் திண்ணை நிற்கும். அதனால் முழுச் சட்டகத்தையும் வெட்டாமல் திரையின் அகலத்துக்குப் பொருத்தி, 1080×452 பட்டையாக மூன்று வினாடி காட்டினேன். மேலும் கீழும் கறுப்பு. அந்த இடத்தை அதே படத்தின் மங்கலான பெரிதாக்கத்தால் நிரப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நான் அதை விரும்புவதில்லை. மங்கலான பகுதியிலும் அசைவு இருக்கும், அசைவு இருக்குமிடத்துக்குக் கண் போகும், நடுவிலுள்ள சிறிய படம் தோற்றுவிடும்.

12ஆவது ஷாட் வேறு வகைச் சிக்கல். பத்திரம் இடமிருந்து வலமாக 1650 பிக்சல் தூரத்தை 1.8 வினாடியில் கடக்கிறது. சாளரமோ 904 பிக்சல்தான். சாளரத்தை நகர்த்தாமல் முடியாது. வினாடிக்கு 24 பிரேம் வேகத்தில் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, ஒரு பொருள் சட்டகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏழு வினாடியாவது ஆக வேண்டும், அதைவிட வேகமானால் படம் துடிக்கும் என்று ஒளிப்பதிவாளர்கள் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். எங்கள் சாளரம் தன் முழு அகலத்தை ஒரே வினாடியில் கடக்க வேண்டியிருந்தது. விதியைவிட ஏழு மடங்கு வேகம். ஆனால் அந்த விதி, கண் எதையும் பின்தொடராமல் இருக்கும்போது பொருந்துவது. நகரும் பொருளோடு சேர்ந்து சட்டகமும் நகர்ந்தால் கண் பொருளின்மேல் நிலைத்திருக்கும். பின்னணி துடிப்பது அவ்வளவாகத் தெரியாது.

கணக்குச் சரிதானா என்று பார்க்க, எடிட்டிங் டைம்லைனுக்குப் போகுமுன் இந்த ஒரு ஷாட்டை மட்டும் ffmpeg என்ற காணொளிக் கருவியில் கட்டளை வழியாக ஓட்டிப் பார்த்தேன்:

```
ffmpeg -i shot12.mov -vf "crop=904:1608:'600+1650*(1-cos(PI*clip((t-1.1)/1.8,0,1)))/2':276,scale=1080:1920:flags=lanczos,setsar=1" -c:v prores_ks -c:a copy shot12_v.mov
```

இதில் 276 என்பது மேலே உள்ள கறுப்புப் பட்டையின் உயரம். 600 என்பது சாளரத்தின் இடது விளிம்பு தொடங்கும் இடம். 1.1ஆவது வினாடியில் கிளம்பும் சாளரம் 1.8 வினாடியில் 1650 பிக்சல் நகர்ந்து நிற்கும். கொசைன் இருப்பதால் மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும். ஓட்டிப் பார்த்ததும் குறை தெரிந்தது. கையால் தள்ளிய தாள் கிளம்பும்போதுதான் மிக வேகமாக இருக்கும், போகப்போகத் தேய்ந்து நிற்கும். என் சாளரமோ நடுவழியில்தான் உச்ச வேகத்தை எட்டியது. அதனால் தொடக்கத்தில் தாள் சாளரத்தை முந்தி ஓடியது; பிறகு சாளரம் பாய்ந்து அதைப் பிடித்தது. பார்த்தால் யாரோ கேமராவை அவசரமாக இழுத்தது போலிருந்தது. எடிட்டிங்கில் மூன்று பிரேமுக்கு ஒன்றாக, சாளரம் நிற்கும் இடத்தைக் குறிக்கும் கீஃபிரேம் வைத்துத் தாளின் வேகத்தையே பின்பற்றச் செய்தேன். தாள் கிளம்பி இரண்டு பிரேம் கழித்துச் சாளரம் கிளம்பும், தாள் நின்று நான்கு பிரேம் கழித்து நிற்கும். மனிதக் கேமராக்காரர் அப்படித்தான் பின்தொடர்வார்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. உண்மையான கேமரா திரும்பும்போது பின்னணி ஒவ்வொரு பிரேமிலும் இழுபட்டு மங்கும். சாளரத்தை நகர்த்தும்போது அந்த மங்கல் இராது; திண்ணைத் தூண்கள் ஒவ்வொன்றும் கூர்மையாக இருந்துகொண்டு தாவித் தாவிப் போகும். நகர்வின் உச்சப் பகுதிக்கு மட்டும் அசைவு மங்கலைச் சேர்த்தோம். இத்தனை பாடும் ஒரு ஷாட்டுக்குத்தான். பொருள் எதுவும் நகராத இடத்தில், அண்ணன் முகத்திலிருந்து தம்பி முகத்துக்குச் சாளரத்தை ஓட்டவே கூடாது. அங்கே ஷாட்டுக்குள்ளேயே வெட்டிவிடுவது நல்லது. இரு சாளரங்களும் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு விலகியிருந்தால், ஒரே ஷாட்டின் இரு துண்டுகளும் தனித்தனி ஷாட்டுகள் போலவே தோன்றும். சாளரங்கள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் படம் தாவியது போலாகும்.

19ஆவது ஷாட்டுக்கு இரண்டாம் பதிப்பில் இந்த வழியைத்தான் கையாண்டேன். ஷாட்டின் நேரக் குறிப்பு இது: 5ஆவது வினாடியில் அம்மாவின் தலை அசையத் தொடங்குகிறது, 6.5இல் முழுதாகத் திரும்பிவிடுகிறார். தம்பியின் பேனா 5.2இல் தாளைத் தொடுகிறது, 8.5இல் கையெழுத்து முடிகிறது. 4.5 வரை தம்பி முகம், 4.5 முதல் 6.6 வரை அம்மா, பிறகு பேனா என்று மூன்று துண்டாக்கினேன். நேரம் ஒரு பிரேமும் கூடவில்லை, குறையவில்லை; ஒலி அப்படியே ஓடியது. எல்லாம் தெரிந்தது. இம்முறை சரி என்று நம்பினேன்.

வேறு ஐந்து பேரிடம் காட்டினோம். ஐவரும் அம்மாவைச் சொன்னார்கள். ஆனால் நால்வர் சொன்ன கதை இப்படி இருந்தது: “அம்மா உள்ளே போய்விட்டார், அதனால்தான் தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டார்.” காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. படத்தில் கையெழுத்தைக் காணச் சகிக்காமல் அம்மா திரும்புகிறார். என் பதிப்பில் அம்மா கைவிட்டதால் மகன் கையெழுத்திடுகிறார். துண்டுகளின் வரிசையை மாற்றி, முதலில் பேனா, பிறகு அம்மா என்று வைத்துப் பார்த்தோம். அப்போது பேனா தாளில் படுவது தெரியும். ஆனால் அம்மாவுக்கு மாறும்போது அவர் பாதி திரும்பியிருப்பார். அவர் முகத்தில் வரும் மாற்றம், நடிகை கொடுத்த மிக நல்ல அரை வினாடி, போய்விடும்.

அகன்ற சட்டகத்தில் ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், முன்னால் வருவது காரணமாகவும் பின்னால் வருவது விளைவாகவும் படிக்கப்படும். எடிட்டிங் கற்றவர் எவரும் இதை அறிவார், நானும் அறிவேன். ஆனால் நான் எடிட்டிங் செய்கிறேன் என்றே அப்போது நினைக்கவில்லை. ஏற்கெனவே முடிந்த படத்தை வெட்டிப் பொருத்துகிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சாளரம் எந்த இடத்தில் எப்போது நிற்கிறது என்பதும் ஒரு வெட்டுதான் என்பதை அந்த நால்வரின் விடையிலிருந்துதான் உணர்ந்தேன்.

ஒரே நேரத்தில் நடப்பதை ஒரே நேரத்தில் காட்டியே ஆக வேண்டுமென்றால் திரையை மேல்-கீழாகப் பிரிப்பதுதான் வழி. இங்கே கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கிறது. 1080×1920 திரையைக் கிடைமட்டமாகப் பாதியாக்கினால் ஒவ்வொரு பாதியும் 1080×960. அந்த விகிதத்தில் முழு உயரத்தையும் எடுத்தால் மூலப்படத்தின் அகலத்தில் 1809 பிக்சல், அதாவது 47 விழுக்காடு அதில் அடங்கும். இரண்டு பாதிகளையும் சேர்த்தால் 94 விழுக்காடு. ஒற்றைச் சாளரத்தில் கால்பங்குகூடத் தேறாத படம், மேலும் கீழுமாக அடுக்கினால் ஏறக்குறைய முழுதாக வந்துவிடுகிறது. இருவர் இரு கோடிகளில் அமர்ந்து பேசும் சினிமாஸ்கோப் ஷாட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எங்கள் ஷாட்டில் அம்மா நட்டநடுவில் நிற்கிறார். படத்தை அப்படியே இடப்பாதி, வலப்பாதி என்று அடுக்கினால் அவரை இரண்டாக வெட்ட வேண்டியிருக்கும். எனவே அடுக்கும் துண்டுகள் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டேன். மேல்பாதியில் அம்மாவின் தலையும் தோளும் கதவும், மூலப்படத்திலிருந்து 1080×960 பிக்சலைப் பெரிதாக்காமலும் சுருக்காமலும் எடுத்தது. கீழ்ப்பாதியில் தம்பியின் கையும் தாளும், குனிந்த முகத்தின் ஓரமும். நடுவில் ஆறு பிக்சல் கறுப்புக் கோடு. 14 வினாடி ஷாட்டில் முதல் 4.2 வினாடி தம்பி மட்டும், பிறகு நாலரை வினாடி அடுக்கு, அதன்பின் மறுபடி தம்பி மட்டும், அவர் நிமிர்ந்து வெறும் வாசலைப் பார்ப்பது வரை.

அம்மாவை மேலே வைத்ததற்குக் காரணம் உண்டு. பேனா தாளில் உரசும் ஒலி காதில் விழுந்ததும் கண் முதலில் கீழே, கைக்குப் போகிறது. அங்கிருந்து மேலே ஏறும்போது அம்மா திரும்பிக்கொண்டிருக்கிறார். ஒருமுறை மாற்றி வைத்தும் பார்த்தேன். அம்மா கீழே இருந்தபோது செயலியின் தலைப்பு வரிகள் அவர் மார்பை மறைத்தன. செயலிக்குச் செயலி, பதிப்புக்குப் பதிப்பு இந்த எல்லைகள் மாறும். நாங்கள் மேலே 220, கீழே 420, வலப்பக்கம் 150 பிக்சலைக் கைவைக்கக் கூடாத இடமாக வைத்துக்கொண்டு, முக்கியமான எதையும் அங்கே போடவில்லை. பேனா நுனி திரையின் உச்சியிலிருந்து 1300ஆவது பிக்சல் அருகே வந்தது. அதற்குக் கீழே வசன எழுத்துகளுக்குச் சரியாக ஒரு வரி இடம் இருந்தது.

மூன்றாம் பதிப்பை முற்றிலும் புதிய ஐந்து பேர் பார்த்தார்கள். நால்வர், “அவர் கையெழுத்துப் போடும்போது அம்மாவால் பார்க்க முடியவில்லை” என்ற பொருளில் சொன்னார்கள். பத்திரம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து பேர் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் முதல் பதிப்பில் ஒருவர்கூடக் காணாததை நால்வர் கண்டார்கள் என்பதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இதைவிட எளிய வழி இருந்திருக்குமா என்று கேட்கலாம். அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதியும் அனமார்ஃபிக் லென்ஸில் எடுத்த படமென்றால் சென்சாரின் உயரம் முழுவதும் ஏற்கெனவே பயன்பட்டிருக்கும். திரும்பப் பெற அங்கே எதுவும் பெரிதாக இராது. சாதாரண லென்ஸில் எடுத்து மேலும் கீழும் வெட்டிய படமென்றால், வெட்டப்பட்ட பகுதி படப்பிடிப்பின் மூலப்பதிவில் இருக்கும். 4448×3096 பிக்சல் முழுச் சென்சாரில் பதிவாகியிருந்தால் செங்குத்துச் சாளரத்தில் அகலத்தின் 39 விழுக்காடு வரை அடங்கும். நாங்களும் கேட்டோம். மூலப்பதிவு இருந்தது, ஆனால் 12ஆவது ஷாட்டில் மைக் தொங்கியது, திண்ணைக் கூரைக்கு மேலிருந்த மின்கம்பிகளை கிராபிக்ஸில் அழித்திருந்தது சினிமாஸ்கோப் எல்லைக்குள் மட்டும்தான், நிறத் திருத்தமும் மறுபடி செய்ய வேண்டும். ஒரு முன்னோட்டத் துண்டுக்கு அந்தச் செலவை யாரும் ஏற்கமாட்டார்கள்.

எஞ்சியது கடைசி ஷாட். ஆள் இல்லாத திண்ணை. இடது கோடியில் அண்ணனின் துண்டு, வலது கோடியில் கிழிந்த தாள்கள், நடுவில் மூடிய கதவு. எட்டு வினாடி. அடுக்கிப் பார்த்தேன், துண்டும் தாளும் இரண்டு பொருள்களாகத்தான் தெரிந்தன, இடையிலிருந்த வெறுமை போய்விட்டது. துண்டிலிருந்து தாளுக்குச் சாளரத்தை மெல்ல ஓட்டினால் எட்டு வினாடிக்குள் துடிக்காமல் போய்ச்சேர முடியவில்லை. இந்த ஷாட்டில் பார்க்க வேண்டியதே அகலம்தான். முதல் ஷாட்டைப்போல இதையும் பட்டையாகவே விட்டேன். ஒளிப்பதிவாளர் அதைப் பார்த்துவிட்டு, “இது இப்படியே இருக்கட்டும் தம்பி, வேணும்னா போனைத் திருப்பிப் பாக்கட்டும்” என்றார். அப்படியே வெளியிட்டோம்.